வேலாயுதம் பதம் பிரித்த பாட்டு

ஐம்பது வயது வரைக்கும் வேலாயுதத்துக்குப் படிக்கத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்றுதான். காசி. அது அவருடைய ஒரே மகனின் பெயர். பையன் பள்ளிக்கூடம் போன புதிதில் அடுப்புக் கரியால் சுவரில் இரண்டு எழுத்தை எழுதி, "இது நான்தாம்பா" என்று காட்டினான். மழைக்காலம் வந்து சுவர் கரைகிறவரை, வேலைக்குப் போகும்போது அந்த எழுத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வேலாயுதம் வாசலைத் தாண்டுவார்.

வேலை ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில். அந்த நாளில் பாலாற்றங்கரை ஷாப்புகளின் வாசம் எப்படி இருந்தது என்று கேட்டால், ஒரு சேதி சொல்கிறேன். மதராசுக்குப் போகிற மெயிலில் ஒரு பெரிய மனிதர் ஆம்பூர் ஸ்டேஷனில் தும்ம ஆரம்பித்தாராம். அரக்கோணத்தில்தான் நிறுத்தினாராம். அந்த வாசத்துக்கு நடுவில் முழங்கால் வரைக்கும் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று, தோலைப் புரட்டிப் போட்டு, விரலால் நீவிப் பதம் பார்ப்பவர் வேலாயுதம். மயிர் எப்போது கழலும் என்று அவர் விரல் சொன்னால் மேஸ்திரி மறுபேச்சுப் பேசமாட்டார். விரல்களோ வெடித்து, ரேகை எல்லாம் போய், கழுவிய கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டன.

காசிக்கு அந்தக் குழி வேண்டாம் என்று ஜோலார்பேட்டையில் ரயில் இஞ்சின் துடைக்கிற வேலைக்கு அனுப்பி வைத்தார்கள். இரண்டு வருஷம் நன்றாக இருந்தான். மூன்றாம் வருஷம் சித்திரையில் காய்ச்சல் என்று சேதி வந்தது. வேலாயுதம் அடுத்த பாசஞ்சரைப் பிடித்துப் போவதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. பையன் படுத்திருந்த அறையில் ஒரு பாயும் கவிழ்த்து வைத்த ஒரு சொம்பும் இருந்தன.

"கடைசியில கூட யாருபா இருந்தாங்க?" என்று கேட்டார்.

"எல்லாரும் இருந்தோம் பெரீப்பா" என்று அங்கிருந்த பையன்கள் சொன்னார்கள். ஒருவனும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் அவர் வீட்டுக்கு வந்தார். மனைவி செல்லம்மாள் கேட்டதும் அதையேதான். பையன் தனியாகப் போனானா, யாராவது பக்கத்தில் இருந்தார்களா? இரண்டு பேருக்கும் இதற்கு மேல் உலகத்தில் தெரிந்துகொள்ள ஒன்றும் பாக்கியில்லை.

பதினாறாம் நாள் காசியின் கூட்டாளி சம்பத், கறுப்புக் கரை போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்தான். பணக்கார வீட்டுச் சாவுக்குப் புலவர்கள் இரங்கிப் பாடி அச்சுப் போட்டுக் கொடுப்பார்கள் அல்லவா, சரமகவி என்று, அதுதான். தலைப்பில் "காசி அவர்கள் பேரில் சரமகவி" என்று கொட்டை எழுத்து. கீழே ஐந்து பாட்டு. சம்பத் எழுந்து நின்று ராகம் போட்டு இழுத்தான். வந்திருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை. சம்பத்துக்கும்தான்.

தலைப்பில் இருந்த காசியை மட்டும் வேலாயுதம் விரல் வைத்துக் கண்டுபிடித்தார். உள்ளேயும் இரண்டு மூன்று இடத்தில் அந்த எழுத்துகள் இருந்தன. "இதுல அவன் எப்டிப் போனான்னு எழுதியிருக்குமாபா?" என்று கேட்டார். "எல்லாம் இருக்கும் பெரீப்பா, அச்சு ஆச்சே" என்றான் சம்பத்.

ஷாப்பில் தோலைப் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டையை எடை போடுகிற கலீமுல்லா பாய் வேலாயுதத்தின் தோஸ்த். பாயின் தகப்பனார் ஸ்டேஷன் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றவர். விற்காத புத்தகத்தை எல்லாம் பாய் சிறுவயதிலேயே படித்து முடித்துவிட்டார், விற்காத புத்தகமோ நிறைய. மத்தியானம் சோற்று வேளையில் பட்டைக் கிடங்கில் வேலாயுதம் தாளை நீட்டினார். பாய் ஐந்து பாட்டையும் கண்ணாலேயே ஒரு ஓட்டம் ஓட்டினார். முகம் மாறியது.

பாட்டு காசியைப் பற்றியதே அல்ல. பிள்ளை குட்டியோடு வாழ்ந்து, காசிக்கு யாத்திரை போய், அங்கேயே கண்ணை மூடிய தில்லையப்பன் என்ற ஒரு கிழவரைப் பற்றியது. பையன்கள் காசு சேர்த்து அச்சுக்கூடத்துக்குப் போயிருக்கிறார்கள். புலவரைத் தேடிப் புதிதாகப் பாட வைக்க அச்சுக்காரருக்குப் பொறுமையில்லை. பழைய பாட்டு ஒன்று இருந்தது, அதில் காசி என்று வருகிறது. தலைப்பை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஒரு நிமிஷம் தாளைப் படித்த பாய்க்கு இவ்வளவும் விளங்கிவிட்டது.

"இன்னா பாய், எழுதியிருக்கா?" என்றார் வேலாயுதம்.

"கீது, கீது" என்றார் பாய் அவசரமாக. "ஆனா ரொம்ப கஷ்டமான பாட்டுபா. நான் சுருக்கமா அர்த்தம் சொல்லிட்றேன், கேட்டுக்கோ."

"வேணாம். நீ சொன்னா ஒரு நிமிசத்துல தீந்துபூடும். அதுக்கப்புறம் எனக்கு இன்னா கீது? நானே படிக்கணும். மெதுவா."

"எழுத்தே தெரியாதேடா ஒனக்கு!"

"ரெண்டு தெரியும்ல. மிச்சத்த நீ சொல்லிக் குடு."

மிச்சத்தைச் சொல்லிக் கொடுக்கத் தை மாதம் ஆகிவிட்டது. பட்டை மூட்டைமேல் கரியால் எழுதி, கையால் தேய்த்து அழித்து, மறுபடி எழுதி. ளகரமும் லகரமும் ழகரமும் சேர்ந்து அவரைப் படுத்திய பாட்டில் சுண்ணாம்புக் குழியே சுகம் என்று சொல்லிவிட்டார். ஆனால் விடவில்லை. எழுத்துக் கூடிவந்ததும் மறுபடி தாளை எடுத்து வந்தார்.

பாய்க்கு வேறு வழியில்லை. மனிதனைச் சலிக்க வைத்தால் தானாக விட்டுவிடுவான் என்று எண்ணி, ஒரு பாட்டுக்கு ஒரு வாரம் என்று திட்டம் போட்டார். முதலாளி துருக்கர் ஆகையால் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. வாரம் சனிக்கிழமை தொடங்கும்.

"தோலு வந்ததும் இன்னா பண்ற? நேரா பட்டத் தண்ணியில போட்றியா?"

"ஐயோ, முதல்ல ஊறணும் பாய்."

"பாட்டும் அதான். சனிக்கிழம நான் ஒரு தபா படிப்பேன், நீ கூடவே வாயால சொல்லு. ஞாயித்துக்கிழம நீயே உரக்கப் படி, திரும்பத் திரும்ப. ரெண்டு நாளும் அர்த்தம் கேக்கக் கூடாது. காதுல ஊறட்டும். திங்கக்கிழமதான் பதம் பிரிக்கணும்."

"பதமா? பதம் பாக்கத் தெரியும். பிரிக்கறதுன்னா?"

"பதம்னா சொல்லுடா. பாட்டுல சொல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு கெடக்கும், மயிரு ஒட்டினாப்ல. அத நோவாம கழட்டணும். செவ்வாக்கிழம தெரியாத சொல்லுக்கு அர்த்தம் கேளு. புதங்கிழம வினைச்சொல்லத் தேடு. வந்தான், போனான், அழுதான்னு ஒண்ணு வரும், அத புடிச்சிக்கினு, யாரு, எதன்னு கேளு. கேட்டுக்கினே போனா, முன்ன பின்ன கெடக்குற சொல்லெல்லாம் நாம பேசற மாதிரி வரிசையா வந்து நிக்கும். வேசாக்கிழம தாள மடிச்சி வெச்சிட்டுப் பாராம சொல்லு. எங்க நிக்குதோ அந்த எடத்த மட்டும் தொறந்து பாரு."

"வெள்ளிக்கிழம?"

"வெள்ளிக்கிழம ஒன் சம்சாரத்துக்கு ஒன் பேச்சுல சொல்லு. அவங்களுக்குப் புரிஞ்சா ஒனக்குப் புரிஞ்சிது. இல்லன்னா மறுபடியும் குழியில போடு."

முதல் வாரமே திங்கட்கிழமை வேலாயுதம் ஒரு சந்தேகத்தோடு வந்தார். பாட்டு "மண்ணழமரமழகாசினியெல்லாமழ" என்று ஆரம்பித்தது.

"பாய், மர மழைன்னு கீதே. மழ நின்ன பின்னாடி மரத்துலருந்து சொட்டுமே, அதுவா?"

பாய் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "மழையும் இல்ல, இடியும் இல்ல. மரம், அழ. மண்ணு அழ, மரம் அழ."

வேலாயுதம் விரலால் அந்த இடத்தை நீவிப் பார்த்தார், தோலை நீவுகிற மாதிரி. பிறகு, "காசி, னி யெல்லாம் அழ. காசி அழுவுறானா?" என்றார்.

பாய்க்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. "அது காசினி. ஒரே சொல்லு. உலகம்னு அர்த்தம்."

"அப்ப அது எம்புள்ள இல்லியா?"

வேலாயுதம் கேட்ட தோரணையில் பாய் தடுமாறிப் போனார். "புலவருங்க அப்டித்தாண்டா. பேர வேற சொல்லுக்குள்ள ஒளிச்சி வெப்பாங்க" என்றார். அர்த்தத்தில் சொன்ன முதல் பொய் அது. அந்த வெள்ளிக்கிழமை செல்லம்மாள், உலகத்துக்குள் தன் பிள்ளையின் பேர் இருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டாம் வாரத்தில் பாய் சொல்ல வேண்டிய பொய் கொஞ்சம்தான். "கேட்டவர்க்கில்லையெனாக்கையுடையான்" என்றது பாட்டு. கேட்டவர்க்கு, இல்லை, எனா, கை உடையான். "எனா" என்றால் "என்று சொல்லாத". கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லாத கையை உடையவன். புதன்கிழமை அதை வரிசைப்படுத்தி முடித்ததும் வேலாயுதம் தாளைக் கீழே வைத்தார்.

"பாய், அவன் பத்து வயசுல புதுச் செருப்ப ஒரு பிச்சக்காரனுக்குக் குடுத்துட்டு வந்தான். நான் வார எடுத்து வெளுத்துட்டேன். அது இவங்களுக்கு எப்டித் தெரிஞ்சிது?"

பாய் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்த வெற்றிலையை வாயில் போட மறந்துவிட்டார்.

மூன்றாம் பாட்டில் "மக்களெண்மர்மருங்குநின்றேங்க" என்று வந்தது. இந்த வாரத்தை நினைத்துப் பாய் முன்னாடியே கலங்கிக்கொண்டிருந்தார். வேலாயுதமோ இப்போது நன்றாகவே பிரித்தார். மக்கள், எண்மர், மருங்கு, நின்று, ஏங்க. செவ்வாய்க்கிழமை அர்த்தம் கேட்டார்.

"எண்மர்னா எட்டு பேரு. மருங்குன்னா பக்கம்."

"மக்கள்?"

கிழவருடைய எட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று ஏங்கினார்கள் என்பதுதான் பாட்டு. மக்கள் என்றால் பெற்ற பிள்ளைகள் என்று பாய் அறியாதவரா? ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறதே. அதைப் பிடித்துக்கொண்டார்.

"மக்கள்னா ஜனங்க."

வேலாயுதம் மூட்டைமேலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "எட்டு ஜனங்க பக்கத்துல நின்னாங்களா? அவன் போவும்போதா?"

"அப்டித்தான் போட்டுக்கீது."

அன்று வேலாயுதம் வெள்ளிக்கிழமை வரை பொறுக்கவில்லை. ஷாப்பு விட்டதும் சுண்ணாம்புக் காலோடு வீட்டுக்கு ஓடினார். பையன் போனதிலிருந்து கூழுக்கு மேல் எதையும் தொடாத செல்லம்மாள் அன்று உலை வைத்துச் சோறு வடித்தாள். "எட்டுப் பேருங்க" என்று அரிசி களையும்போது சொன்னாள், வடிக்கும்போது சொன்னாள், பக்கத்து வீட்டு தில்ஷாத்தைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஊர் வாயில் சனிக்கிழமைக்குள் அந்த எட்டு எண்பது ஆகி, ஜோலார்பேட்டையில் ரயிலையே நிறுத்திவிட்டு எல்லோரும் அழுதார்கள் என்கிற அளவுக்கு வளர்ந்தது.

"அஞ்சாவதுல கடைசியா அவன் வாயில தண்ணி யாரு ஊத்துனாங்கன்னு வரும்" என்றார் வேலாயுதம் செல்லம்மாளிடம். "வாரத்துக்கு ஒண்ணுதான். அவசரப்படக் கூடாது."

நான்காம் வாரம் வந்தது. பாட்டு "தில்லையப்பன்காசியடைந்தான்" என்றது. சனி, ஞாயிறு ஊறியது. திங்கள் பிரித்தது. தில்லையப்பன், காசி, அடைந்தான். செவ்வாய் பாய் தாமாகவே முந்திக்கொண்டார்.

"தில்லையப்பன்னா சாமி. தில்லையில கீற சிவன். காசி சாமிகிட்ட போய்ச் சேந்தான். அவ்ளோதான். வரிசையெல்லாம் நானே சொல்லிட்டேன், நாளைக்கு ஒனக்கு வேல மிச்சம்."

"புதங்கிழம வேல புதங்கிழமதான் பாய். நீதான சொன்ன?"

புதன்கிழமை வேலாயுதம் குழியில் நின்றபடியே வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டார். அடைந்தான். யார் அடைந்தான்? எதை அடைந்தான்? மேஸ்திரி நசீர் அகமது குழி ஓரமாக நின்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். பக்கத்துக் குழி ஆள் தோலை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தான். வேலாயுதம் சொல்லிப் பார்த்தார். தோல் அடிச்சான். சரி, தோலை அடித்தான். மேஸ்திரி அடிச்சான். ஊஹூம், அப்படிச் சொன்னால் மேஸ்திரி அல்லவா அடித்ததாகிறது. மேஸ்திரியை அடித்திருந்தால் மேஸ்திரிய அடிச்சான் என்று சொல்லாமல் தீராது. தோலுக்கு அது வேண்டியதில்லை. மனுஷனுக்கு வேண்டும். சாமிக்கும் வேண்டும்.

கையிலிருந்த தோல் தண்ணீரில் நழுவி முழுகியது.

மத்தியானம் பட்டைக் கிடங்கில் அவர் உட்காரவில்லை.

"பாய், நான் ஒண்ணு கேக்கறேன். காசி சாமியப் போய்ச் சேந்தான்னா, தில்லையப்பனைன்னு இல்ல இருக்கணும்? தில்லையப்பன்னுதான கீது?"

பாய் பட்டை மூட்டையின் முடிச்சை இறுக்கினார்.

"தோலு மாதிரி ஒரு பொருளுன்னா, ஊருன்னா, அந்த எழுத்து வேணாம். ஆம்பூர் போனான், வேலூர் அடைஞ்சான். அப்ப காசின்றது ஊரு. தில்லையப்பன்றது ஆளு. அந்த ஆளு காசிக்குப் போய்ட்டாரு. சரியா?"

"பாட்டுல ரெண்டு மாதிரியும் வரலாம்டா..."

"பாய்."

"சரிதான்" என்றார் கலீமுல்லா.

வேலாயுதம் தாளை விரித்து மூன்றாம் பாட்டில் விரல் வைத்தார். "அப்ப இந்த எட்டு பேரு?"

"அந்தக் கெழவரோட புள்ளைங்க."

"மக்கள்னா ஜனங்கன்னியே."

"ஜனங்கன்னும் அர்த்தம் உண்டு. இங்க புள்ளைங்க." பாய் தலை நிமிராமல் பேசினார். "முதல் நாளே தெரியும்டா. நீ ரெண்டு வாரத்துல விட்டுடுவேன்னு நெனச்சேன். நீ படிச்ச மாதிரி எவனும் படிச்சி நான் பாத்ததில்ல."

"அப்ப இந்தத் தாள்ல எம்புள்ள எங்கதான் கீறான்?"

பாய் தலைப்பைக் காட்டினார்.

வேலாயுதம் அந்த இரண்டெழுத்தைப் பார்த்தார். "அது எனக்கு முன்னாடியே படிக்கத் தெரியும் பாய்."

தூரத்தில் மேஸ்திரி மணி அடித்தார். இரண்டு பேரும் நகரவில்லை. "வேற பாட்டு படிக்கலாம்" என்றார் பாய் கடைசியில். "நல்ல பாட்டா நான் கொண்டாரேன். வாரத்துக்கு ஒண்ணு, இதே மாதிரி. ஒனக்கு இப்ப எதுவும் படிக்க வரும்."

"வரும். இன்னாத்துக்கு?"

தாளை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு வேலாயுதம் குழிக்குப் போனார். முழுகிய தோலைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை செல்லம்மாள் வீடு மெழுகித் தலைக்குக் குளித்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவர் நான்காம் பாட்டைச் சொன்னார். "நம்ம காசி தில்லையப்பனை அடைஞ்சான்." ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் வாரம் அவர் பட்டைக் கிடங்குப் பக்கம் போகவில்லை. பாய் இரண்டு தரம் ஆள் அனுப்பினார். வேலை ஜாஸ்தி என்று பதில் வந்தது. ஐந்தாம் பாட்டை அவர் தானாகவே எப்போதோ படித்து முடித்திருந்தார். கங்கையில் சாம்பல் கரைத்ததும், மூத்த மகன் கோயிலுக்கு மணி வாங்கி விட்டதும்தான் அதில் இருந்தன. தண்ணீர் ஊற்றினவர்கள் யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. செல்லம்மாள் மெழுகின தரையில் வந்து உட்கார்ந்தாள். தில்ஷாத்தையும் கூட்டி வந்திருந்தாள்.

"இன்னிக்கு அஞ்சாவதுதான? தண்ணி யாரு ஊத்துனாங்கன்னு வரும்னீங்களே?"

வேலாயுதம் தாளை விரித்தார். எதையாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். யார் பெயரைச் சொல்வது? சம்பத் என்று சொன்னால் அவள் நாளைக்கே ஜோலார்பேட்டைக்குப் போய் அவன் காலில் விழுவாள். சாமி என்று சொன்னால், எந்தச் சாமி, எந்த ரூபத்தில் என்று கேட்பாள்.

அவர் தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சம்பத் இழுத்த அதே ராகத்தில், அச்சில் இருந்தபடி சொல்லெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்க, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். ஓர் எழுத்துத் தப்பவில்லை. ஒரு பதத்தையும் பிரிக்கவில்லை.

தில்ஷாத் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எவ்ளோ நல்லாப் படிக்கிறாரு பாரு" என்றாள் செல்லம்மாள். பிறகு அவரிடம், "அர்த்தம்?" என்றாள்.

"இது ரொம்ப கஷ்டமான பாட்டு" என்றார் வேலாயுதம். "ஊறட்டும்."